அத்தானுக்கு மட்டும் முழு வாக்கியம்

எங்கள் அக்காவுக்கு ஒரு குணம். தனக்குப் பிடித்தவர்களுக்கு எது வேண்டுமென்றாலும் அவள்தான் செய்ய வேண்டும். வேறு யாராவது கை வைத்தால் அவளுக்கு ஆகாது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் எனக்குத் தலை பின்னிவிட்டாள். அக்கா என்னைப் பிடித்து உட்கார வைத்து, அந்தப் பின்னலை அவிழ்த்து, முதலிலிருந்து தானே பின்னினாள். முதல் பின்னல்தான் நன்றாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னதற்கு முதுகில் ஒன்று விழுந்தது.

இப்படிப்பட்டவள், பிறந்ததிலிருந்தே கண் தெரியாத ஒருவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும், "பெரிய மனசுடீ உங்கக்காவுக்கு" என்றார்கள். பெரிய மனசாவது மண்ணாவது! எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. ஆயுசுக்கும் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள். ஆனால் அத்தான் அதற்கெல்லாம் பிடிகொடுக்கிற ஆளே இல்லை.

கோலைத் தட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அவரே வேலைக்குப் போவார். தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். அக்கா வைக்கிற சூப்பைவிட அவர் வைக்கிற சூப் ருசியாக இருக்கும் என்பது வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆக, அக்கா ஆசைப்பட்ட அளவுக்கு அவளுக்கு வேலையே கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. காலை அட்டவணை.

அத்தான் பிசியோதெரபிஸ்ட். ஒரு மறுவாழ்வு நிலையத்தில் வேலை. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர்கள் வீடுகளுக்குப் போய்க் கையையும் காலையும் மறுபடியும் வேலை செய்யப் பழக்குவார். யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று நிலையத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். தினமும் காலையில் அந்தப் பலகையைப் போட்டோ பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள்.

அத்தானுடைய போன் பேசும். திரையில் எழுத்து எங்கே இருந்தாலும் விரல் பட்டால் வாய்விட்டுப் படிக்கும். ஆனால் போட்டோவைப் பார்த்து அது என்ன படிக்கும்? "படம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அதனால் அத்தான் அந்தப் படத்தைத் திறந்து அக்கா கையில் கொடுப்பார். அக்கா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு படிப்பாள்.

"காலைல முதல்ல அந்த ஸ்கூல் வாத்தியார் வீடு. அப்புறம் மார்க்கெட் பின்னாடி ஒரு அம்மா, முழங்கால்."

"அந்தம்மாவா? போன தடவை என்னை எட்டி உதைச்சாங்க."

"நல்லா உதைக்கட்டும். வீட்ல நான் உதைக்க முடியலைல்ல."

இப்படித்தான் போகும். இரண்டு டீ ஆறிப்போகிற வரைக்கும் போகும். நான் அந்த வீட்டில்தான் முன்னறையில் இருக்கிறேன். நானும் அக்காவும் சேர்ந்து கீழே தெருவில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறோம். பகலெல்லாம் பேண்ட் மடித்துத் தைப்பதும் ஜிப் மாற்றுவதுமாகப் போய்விடும். அத்தான் சாயந்திரம் கை ஓய்ந்து வருவார், சாப்பிட்டதும் கண் சொக்கிவிடும். புருஷனும் பெண்டாட்டியுமாக அவர்கள் இரண்டு பேரும் பேசிச் சிரிக்கிற நேரம் என்றால் அந்தக் காலை நேரம் ஒன்றுதான். அது தன் சொத்து என்று அக்கா நினைத்திருந்தாள். அதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் நிலையத்தில் அட்டவணை போடுகிற வேலைக்கு ஒரு புதுப் பெண் வந்து சேர்ந்தாள்.

வந்த சில நாளில் அத்தானுக்குச் சாயந்திரங்களில் போன் வர ஆரம்பித்தது. அவர் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டு பேசுவார். கொஞ்சம் பேசுவார், போனைக் காதில் வைத்து எதையோ கேட்பார், சிரிப்பார், மறுபடியும் பேசுவார். அக்கா சமையலறையில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.

"இல்ல, இல்ல. இன்னொரு தடவை அனுப்புங்க" என்றார் அத்தான் ஒருநாள். போனைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு, "ஆஹா! இதான். இது ரொம்ப அழகா இருக்கு. இப்படியே அனுப்புங்க" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"என்னடி அழகா இருக்கு?"

"என்னை ஏன் கேக்கறே? அவரைக் கேளு."

"நான் ஏன் கேக்கணும்? அவரா சொல்லட்டும்" என்றாள். அவர் அவராகச் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அதில் ஒரு வறட்டுப் பிடிவாதம்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அக்கா வழக்கம்போல இரண்டு டீயோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அத்தான் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு காதில் இயர்போன்.

"குடுங்க, படிக்கறேன்."

"வேண்டாம்மா. கேட்டுட்டேன். இப்ப எனக்கு எழுத்தாவே அனுப்பறாங்க, போனே படிச்சிடுது. நீ கடைக்குக் கிளம்பு, உனக்கும் நேரமாகுதுல்ல."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு டீயையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். ஒன்றைக் குடித்தாள். இன்னொன்றைத் தொட்டியில் ஊற்றினாள். அந்த டீ எனக்காவது ஆகியிருக்கும்.

அன்றைக்குக் கடையில் அவள் தைத்த தையல் எல்லாம் கோணல். "நேரமாகுதாம் எனக்கு! இத்தனை வருஷமா ஆகாத நேரம் இன்னிக்கு ஆயிடுச்சாம்!" என்று மெஷினை மிதித்தாள். பாவம், மெஷின் என்ன செய்யும்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் அத்தான் குளிக்கப் போனதும் அவர் போனை எடுத்தாள். பொறாமை பிடித்தவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். ஆனால் இந்த வீட்டில் அது நடக்கிற காரியமா? அக்கா திரையைத் தொட்டாள். "செய்திகள்! பொத்தான்! திறக்க இருமுறை தட்டவும்!" என்று போன் கூவியது. பயந்துபோய் வேறு இடத்தில் தொட்டாள். "பேட்டரி! எண்பது சதவீதம்!" என்றது. அக்கா போனைத் தலையணைக்கு அடியில் அமுக்கினாள். அங்கேயும் அது விடாமல் நேரத்தைச் சொன்னது.

"யாரு?" என்று குளியலறையிலிருந்து அத்தான் குரல்.

"ஒண்ணுமில்ல, நீங்க குளிங்க!"

நான் வாயில் துண்டை வைத்து அடக்கிக்கொண்டு சிரித்தேன். அக்கா என்னைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்துவிட்டு, இயர்போனைச் செருகி, இரண்டு தட்டு தட்டித் திறந்து, கடைசியில் அந்தச் செய்தியைப் பிடித்துவிட்டாள். படிக்கப் படிக்க அவள் உதடு மெல்லிசாகிக்கொண்டே வந்தது. பிறகு போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

'வணக்கம் சார். நாளை, செவ்வாய்க்கிழமை, மார்ச் மாதம் பத்தாம் தேதி. உங்களுக்கு மூன்று வீடுகள் இருக்கின்றன. முதல் வீடு, பள்ளி ஆசிரியர். காலை ஒன்பது மணி முதல் பத்து மணி வரை. இரண்டாவது வீடு, சந்தைக்குப் பின்னால் இருக்கும் அம்மா. காலை பத்து மணி முப்பது நிமிடம் முதல் பதினொரு மணி முப்பது நிமிடம் வரை.'

இப்படியே நீண்டுகொண்டு போனது.

"பாத்தியா?" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "வேலைக்கு அனுப்பற மெசேஜ்ல யாராவது இப்படி எழுதுவாளா? 'செவ்வாய்க்கிழமை, மார்ச் மாதம், பத்தாம் தேதி'யாம்! சுருக்கமா எழுதினா என்ன குறைஞ்சிடும்? பொறுமையா உக்காந்து, ஒவ்வொண்ணா, வாய்ல ஊட்டற மாதிரி!"

"உங்கிட்டதான் அந்தப் பொறுமை இல்ல" என்றேன். அந்தச் சமயத்தில் நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எங்கள் கடையில் 'முழு வாக்கியக்காரி' என்று பெயர் விழுந்தது. "முழு வாக்கியக்காரி இன்னிக்கு என்ன எழுதியிருக்காளோ" என்பாள் அக்கா, பட்டனுக்கு ஊசி குத்திக்கொண்டே. அவளுக்கு எத்தனை வயசு, எப்படி இருப்பாள், கல்யாணம் ஆனவளா என்று ஓயாமல் எண்ணம். அவளைப் பார்த்ததில்லை, பார்க்காத ஆளுக்கு மனசு எவ்வளவு அழகு வேண்டுமானாலும் போடும். அக்கா அவளுக்கு நீள முடியும் மெல்லிசான இடுப்பும் கொடுத்து வைத்திருந்தாள்.

ஒருநாள் அந்த நிலையத்து நர்ஸ் ஒருத்தி யூனிபார்ம் பேண்ட் நீளம் குறைக்கக் கடைக்கு வந்தாள். அக்கா அளவு எடுக்கிற சாக்கில் தரையில் மண்டிபோட்டபடி, ரொம்ப சாதாரணமாகக் கேட்கிறவள்போல, "உங்களுக்கெல்லாம் டைம் எப்படிங்க சொல்வாங்க?" என்றாள்.

நர்ஸ் போனை எடுத்துக் காட்டினாள். வெள்ளைப் பலகை போட்டோ. கட்டம் கட்டமாக '13/3', '9-10', '10.30' என்று கிறுக்கியிருந்தது. வணக்கமும் கிடையாது, மாதமும் கிடையாது.

"எல்லாருக்கும் இதேதானா?"

"இதேதான். ஏங்க?"

"சும்மா கேட்டேன்" என்றாள் அக்கா, குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு. நர்ஸ் போனதும் கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். "அவருக்கு மட்டும்! கேட்டியா, அவருக்கு மட்டும்தான் முழு வாக்கியம். கிளம்பு."

"எங்கே?"

"எங்கேயா? அவ மூஞ்சியைப் பாக்கத்தான்."

வேண்டாம்க்கா, அத்தானுக்கு மானக்கேடு, அவர் வேலை பார்க்கிற இடம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அக்காவுக்குக் கோபம் ஏறிவிட்டால் காது கேட்காது. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இவளை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நிலையத்துக்குள் நுழைந்ததும் வலது பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் பலகை. பலகைக்கு முன்னால் மேஜையில் ஒரு பெண். அத்தானைவிடப் பத்து வயசாவது மூத்தவள். முடி வெட்டிக் குட்டையாக இருந்தது, நரை ஓடியிருந்தது. மேஜைமேல் பாதி கடித்த ரொட்டித் துண்டு. அக்கா கொடுத்து வைத்திருந்த நீள முடி எங்கே, இடுப்பு எங்கே! எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அக்கா முகம் இளகவில்லை. அந்தப் பெண் இயர்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மோவாயில் கை வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே லேசாகத் தலையாட்டினாள்.

அக்கா கண்ணாடியில் தட்டினாள்.

"உங்க தெரபிஸ்ட் ஒருத்தரோட வீட்டுக்காரி நான்" என்று ஆரம்பித்து, அத்தான் பெயரைச் சொன்னாள்.

"அட, வாங்க வாங்க! உக்காருங்க. சார் உங்களைப் பத்தி நிறைய சொல்வார்."

"என்னைப் பத்தியா? உங்களைப் பத்தி எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையே" என்றாள் அக்கா. நான் அவள் புடவையைப் பின்னாலிருந்து இழுத்தேன். "எல்லாருக்கும் கோடும் புள்ளியுமா கிறுக்கி அனுப்பறீங்க. அவருக்கு மட்டும் கதை மாதிரி எழுதறீங்களே, அது ஏன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த நாகரிகத்துக்கு நான் இன்றைக்கும் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். இயர்போனைக் கழற்றி அக்காவிடம் நீட்டினாள்.

"முதல்ல நானும் சுருக்கமாத்தாங்க அனுப்பினேன். போட்டோ வேண்டாம், எழுத்தா இருந்தா போதும்னு நெனச்சேன். இதைக் கேளுங்க, நான் அனுப்பின முதல் மெசேஜ்."

அக்கா ஒரு காதில் வைத்துக்கொண்டாள், இன்னொன்றை நான் பிடுங்கிக்கொண்டேன். போன் கடகடவென்று படித்தது: "இரண்டு சாய்வுக்கோடு மூன்று ஒன்பது பத்து பத்து புள்ளி மூன்று பூஜ்யம் பதினொன்று புள்ளி மூன்று பூஜ்யம்." எங்கே ஒரு வீடு முடிந்து அடுத்த வீடு ஆரம்பிக்கிறது என்று எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"நடுவுல போட்ட சின்னக் கோட்டை அது முழுங்கிடுது. ஒன்பதுலேருந்து பத்து வரைன்னு நாம கண்ணால பாத்துப் புரிஞ்சுக்கறோம். காதுல வெறும் நம்பராத்தான் விழுது. அதுலயும் ஒரு போன் ஒரு மாதிரி படிக்குது, இன்னொரு போன் வேற மாதிரி படிக்குது. சார்தான் பொறுமையா என்ன கேக்குதுன்னு சொல்லிச் சொல்லித் திருத்தினார். கிழமை சொல்லுங்க, மாசத்தை எழுத்துல போடுங்க, கோடு வேண்டாம், 'முதல்', 'வரை'ன்னு எழுதுங்க, காலையா மாலையான்னு சொல்லுங்க, ஒரு வீடு முடிஞ்சா முற்றுப்புள்ளி வைங்க, அப்பத்தான் அது மூச்சு விடும்னார். ஏதாவது மாத்தியிருந்தா அதை முதல் வரியிலேயே சொல்லணும். நாம ஒரு பார்வைல கண்டுபிடிச்சிடுவோம், அவங்க கடைசி வரைக்கும் கேட்டாத்தானே தெரியும்? ஒவ்வொண்ணையும் நான் கேட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்பறேன். இங்கே பார்வை தெரியாத இன்னொரு தெரபிஸ்ட் அம்மா சேர்ந்திருக்காங்க, அவங்களுக்கும் இப்படித்தான் போகுது."

பால்கனியில் 'அழகா இருக்கு' என்று அத்தான் சொன்னது எதைப் பற்றி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு முற்றுப்புள்ளியைப் பற்றி! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்கா தோளும் கொஞ்சம் இறங்கியது. அப்பாடா, டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நான் எழுந்தேவிட்டேன். அந்தப் பெண் நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"இந்த ஏற்பாட்டைக் கேட்டதே சார்தாங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட சொல்லி வச்சிருந்தார். 'என் நாள் எப்படிங்கறதை வேற யாரும் எனக்குப் படிச்சுச் சொல்ற மாதிரி இருக்கக் கூடாது, நானே முதல்ல தெரிஞ்சுக்கணும்'னு."

அக்கா இயர்போனை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"வேற யாரும்?" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டுகிற அக்காவை எனக்குச் சமாளிக்கத் தெரியும். பேசாத அக்காவை என்ன செய்வது? கடைசியில் எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது சொன்னாள்: "இன்னொருத்தின்னா சண்டை போடலாம்டி. அவர் என்னையே வேண்டாம்னுட்டாரே. யார்கிட்ட சண்டை போடறது?"

அன்று சாயந்திரம் அத்தான் வந்து சோபாவில் உட்கார்ந்தார். அக்கா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் எழுந்து போக வேண்டும்தான், போகவில்லை.

"நான் படிச்சதுல என்னங்க குறை?"

அத்தானுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஆபீசுக்குப் போனியா?"

"போனேன். அவளைப் பிடிச்சுக் கிழிக்கலாம்னு போனேன். கேட்டதே நீங்கதான்னு சொல்றா. என் வாயால கேக்கறது உங்களுக்கு அவ்வளவு பாரமா இருந்துச்சா? காலைல அந்தக் கொஞ்ச நேரம்தானே எனக்கு இருந்துச்சு. அதையும் ஒரு போனுக்குக் குடுத்துட்டீங்க. எனக்கு வயிறு எரியுது. அவமேலயும் எரியுது, அந்த போன்மேலயும் எரியுது, உங்கமேலயும் எரியுது!"

அத்தான் கோலை மடக்கிப் பக்கத்தில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டார்.

"இதை உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார். "ஞாபகம் இருக்கா, ஆத்துப் பாலத்துக்கிட்ட ஒரு பெரியவர். ரயில் ஓட்டினவர். தினமும் காலைல ஒன்பது மணிக்கு அவர் வீடுதான் முதல்ல."

"ஆமா. உங்களுக்குப் பாட்டெல்லாம் பாடிக் காட்டுவார்னு சொல்வீங்க."

"வலது கை சுத்தமா வரலை அவருக்கு. அவ்வளவு நாள் கஷ்டப்பட்டு ஒருவழியா டம்ளரைப் பிடிக்க ஆரம்பிச்சார். அன்னைக்கு நீ போட்டோவைப் பாத்துப் படிச்சே. 'பாலத்துப் பெரியவர் பேரை அடிச்சிருக்காங்க. ஒன்பது மணி ஃப்ரீ. நல்லதாப் போச்சு, இன்னும் கொஞ்சம் தூங்குங்க'ன்னே."

அக்கா கை வாய்க்குப் போனது.

"நீ என்ன பண்ணுவே? உனக்கு அது வெறும் கோடுதான். ஊருக்குப் போயிருக்கார்னு நெனச்சிருப்பே. நானும் அப்படித்தான் நெனச்சேன். தூங்கினேன். நிஜமாவே தூங்கினேன். மத்தியானம் ஆபீஸ்ல சொன்னாங்க, ராத்திரியே போயிட்டார்னு." அத்தான் மடக்கி வைத்த கோலை மறுபடியும் கையில் எடுத்தார். "நல்லதாப் போச்சுன்னு கேட்டுட்டுத் தூங்கியிருக்கேன். அந்த வார்த்தை உன் குரல்ல எனக்குள்ள கிடந்துச்சு. உன் குரல்ல அது கிடக்கக் கூடாதுன்னுதான் ஆபீஸ்ல கேட்டேன். நல்லதோ கெட்டதோ, என் வேலையில வர்றதை நானே தனியாக் கேட்டுக்கறேன். அப்புறம் வந்து உங்கிட்ட பேசறேன். இவ்வளவுதான்."

அக்கா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அபூர்வம். "சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "சொன்னா நீ இப்படி அழுவேன்னுதான்" என்றார் அத்தான். நான் மெதுவாக எழுந்து உள்ளே போனேன். அதற்கு மேல் அங்கே உட்காருவது எனக்கே நன்றாக இல்லை.

அதற்குப் பிறகு சில நாள் அக்கா கடையில் ஒரு தினுசாக இருந்தாள். வேலை இல்லாத நேரத்தில் தன் போனை எடுத்து எதையோ தட்டுவாள், அழிப்பாள். அவளுடைய போனிலும் வாய்விட்டுப் படிக்கிற வசதியைப் போட்டுவிடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான், கடை முழுக்க அந்தக் குரல். ஒரு வாடிக்கையாளர் சட்டை வாங்க வந்து நிற்கும்போது அது, "ஞாயிற்றுக்கிழமை சிவப்பு இதயம் சிவப்பு இதயம் சிவப்பு இதயம்" என்று உரக்கப் படித்தது. அவர் சட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"இதயம் போட்டா அதையும் படிக்குமாடி?" என்றாள் அக்கா, காது சிவக்க.

"ஒண்ணு விடாம படிக்கும். அத்தான் நோயாளி வீட்ல இருக்கும்போது போச்சுன்னா மானம் போயிடும். எடுத்துடு."

எடுத்துவிட்டாள். மறுபடியும் எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முழு வாக்கியக்காரி மாதிரியே மோவாயில் கை வைத்துத் தலையாட்டினாள். அதைச் சொல்லிக் காட்டினால் எனக்கு உயிர் மிஞ்சாது என்பதால் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அத்தானுக்கு ஒரு செய்திகூட எழுதியதில்லை. எல்லாவற்றையும் வாயால் சொன்னவள்.

சனிக்கிழமை காலை நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அத்தான் மேஜையில் டீயோடு இருந்தார். அக்கா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே போனில் ஒரு பொத்தானை அழுத்தினாள். மேஜைமேல் இருந்த அத்தான் போன் முனகியது. அவர் இயர்போன் மாட்டவில்லை. இரண்டு தட்டு தட்டினார். அது எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகப் படித்தது.

"நாளை, ஞாயிற்றுக்கிழமை, மார்ச் மாதம் இருபத்திரண்டாம் தேதி. காலை ஒன்பது மணி முதல் பத்து மணி வரை. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர் வீடு. அவர் மனைவி இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வரலாம். நானும் வருகிறேன்."

ஒவ்வொரு வாக்கியமும் முடிந்து மூச்சு விட்டது. ஒரு எண்கூடத் தடுமாறவில்லை. அத்தான் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா திரும்பவே இல்லை. அடுப்பில் எதுவும் இல்லாமலேயே கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அத்தான் மறுபடியும் இரண்டு தட்டு தட்டி இன்னொரு தடவை கேட்டார். பிறகு எழுந்து, மேஜை விளிம்பைத் தொட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து, போனை அவள் கையில் வைத்தார்.

"படி" என்றார்.

அக்காவுக்கு மூக்கு விடைத்தது. "ஏன், போன்ல பேசறவதான் அழகா படிச்சாளே? பத்தலையா?"

"பத்தல" என்றார் அத்தான். "நீ படி."